பால் குடித்தும் அழுத பூனைக்குட்டி

மழை இரவில் மாடிப்படிக்குக் கீழே கிடைத்தது. கண் திறக்கவில்லை, தொப்புள்கொடிகூட விழவில்லை. சமையலறைத் தராசில் 95 கிராம்.

பசிக்கும் என்று உடனே பால் கொடுக்கப் போனேன், அது தப்பு. உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது என்று கால்நடை மருத்துவர் தடுத்தார். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் வைத்தேன். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் காலி. ஒரு மணி நேரத்தில் வாய்க்குள் கதகதப்பு வந்தது.

அப்புறம் பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடரைக் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 3 மில்லி. பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். குட்டியைக் குப்புற வைத்தே ஊட்டினேன். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மறுநாள் காலை நிப்பிளைத் தள்ளிவிட்டு ஓயாமல் கத்தியது. அடிவயிறு விறைத்திருந்தது. அப்போதுதான் புரிந்தது, அது சிறுநீரே கழிக்கவில்லை. இந்த வயதில் தாய் நக்கிவிட்டால்தான் வரும். பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, வாலுக்குக் கீழே மெதுவாக வருடினேன். அரை நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக வந்தது. நிற்கும்வரை வருடி, ஈரத்தைத் துடைத்தேன். உடனே பால் குடித்தது, பாவம்.

பிறகு ஒவ்வொரு முறை ஊட்டியதும் இதையே செய்தேன். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் பால் போதவில்லை என்று தெரிந்துகொள்வேன். மலம் தினம் ஒருமுறை வந்தாலே சரி. மூன்று வாரம் கழித்து, மணல் தட்டில் தானாகவே போனது.