கேட்கும் தமிழுக்கு எழுதுவது: எண், சுருக்கம், குறியீடு

யாழ்ப்பாணத்தில் ஒரு டெங்கு அறிவித்தலை ஆங்கிலத்தில் இருந்து தமிழாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை அச்சடித்து ஒட்டுவதோடு முடிவதில்லை. வட்சப்பில் குரலாகவும் போகும். பார்வையற்ற ஒருவர் திரை வாசிப்பான் மூலமும் கேட்பார். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் தமிழ், எழுத்தைத் தானாக வாசிக்கும் கணினிக் குரலின் வாயில் வேறொன்றாக மாறிவிடும் இடங்கள் பெரும்பாலும் எண்களும் சுருக்கங்களும் குறியீடுகளும்தான். ஒரு மாதிரி அறிவித்தலை எடுத்து, படிப்படியாகத் திருத்திப் பார்ப்போம். (பழகுவதற்கான மாதிரிதான் இது. மருந்தளவை வைத்தியரிடமே கேளுங்கள்.)

```
பரசிற்றமோல் 10–15 மி.கி./கி.கி., 6 மணித்தியாலத்துக்கு 1 தடவை. 24 மணித்தியாலத்தில் 4இற்கு மேல் வேண்டாம்.
குருதிச் சிறுதட்டுகள் <100,000/மி.மீ.³ எனில் யாழ். போதனா வைத்தியசாலைக்குச் செல்லவும்.
கிளினிக்: 2025.06.03, மு.ப. 8.30–பி.ப. 12.30, கே.கே.எஸ். வீதி. அம்புலன்ஸ்: 1990
```

மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. சரி, இனி இதைக் காதால் படிப்போம்.

படி 1: எழுத்தல்லாத எல்லாவற்றையும் குறியுங்கள்

பிரதியை அச்சடித்து, இலக்கம், புள்ளி வைத்த சுருக்கம், குறியீடு எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும், தொலைபேசியில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால் என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள். 2025.06.03 என்பதை நீங்கள் ஒருபோதும் "இரண்டாயிரத்து இருபத்தைந்து புள்ளி பூச்சியம் ஆறு" என்று வாசிக்கமாட்டீர்கள். "யூன் மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை" என்பீர்கள். அதையே எழுதிவிடுங்கள். கிழமையையும் சேர்த்தால், திகதியைத் தவறாகக் கேட்டவருக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

படி 2: இலக்கத்தின் வாலை வெட்டுங்கள்

தமிழ் போல உருபை ஒட்டி எழுதும் மொழிகளில் வரும் சிக்கல் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நாம் வேற்றுமை உருபையும் "ஆம்" என்பதையும் இலக்கத்தோடு ஒட்டி எழுதிப் பழகிவிட்டோம்: 4இற்கு, 10இல், 3ஆம். கண்ணால் படிப்பவர் மனத்துக்குள் "நான்கிற்கு", "பத்தில்", "மூன்றாம்" என்று புணர்த்திக்கொள்வார். பல குரல்களுக்கு அது வராது. இலக்கத்தைச் சொல்லாக மாற்றிவிட்டு, மிச்சத்தைத் தனியாக வாசிக்கும்: "நான்கு, இற்கு". "3ஆம்" என்பது "மூன்று, ஆம்" ஆகிவிடும். கேட்பவருக்கு யாரோ ஆமோதித்தது போல இருக்கும்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. சிறிய எண் என்றால் சொல்லாகவே எழுதுங்கள்: மூன்றாம் திகதி. இலக்கத்தை விட்டுவைக்க விரும்பினால், உருபை ஏந்த ஒரு பெயர்ச்சொல்லைப் பின்னால் வையுங்கள்: "4இற்கு மேல்" என்பது "4 தடவைகளுக்கு மேல்" ஆகட்டும். எனக்கு இரண்டாவது வழி பிடிக்கும். எழுதிய பிரதியிலும் அது அழகாகவே இருக்கும், எதை எண்ணுகிறோம் என்பதும் தெளிவாகும்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. "1 தடவை" என்பதைக் குரல் "ஒன்று தடவை" என்று வாசிக்கலாம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நாம் சொல்வது "ஒரு". ஆகவே 1 என்ற இலக்கம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் எப்போதும் "ஒரு" என்றே எழுதிவிடுங்கள். இதற்கு விதிவிலக்குத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

படி 3: கோடும் சாய்கோடும் "குறைவு" குறியும்

"10–15" இல் உள்ள கோட்டை ஒரு குரல் "கழித்தல்" என்று வாசிக்கும். இன்னொன்று எதுவும் சொல்லாமல் கடந்துபோகும். திரை வாசிப்பானில் குறியீடுகளைச் சொல்லும் அளவு குறைவாக வைக்கப்பட்டிருந்தாலும் இதே கதிதான். முதலாவதைவிட இரண்டாவது ஆபத்தானது. கோடு காணாமல் போனால் கேட்பவருக்குக் கிடைப்பது "பத்துப் பதினைந்து". பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள் என்றால் தமிழில் அது குத்துமதிப்பு. மருந்தளவில் குத்துமதிப்பு கூடாது. "10 முதல் 15 வரை" என்று இரண்டு முனைகளையும் சொல்லால் கட்டுங்கள். "வரை" என்பதை விடவேண்டாம், மேல் எல்லை அங்கேதான் இருக்கிறது.

சாய்கோடு இன்னும் கொஞ்சம் வேலை வைக்கும். "மி.கி./கி.கி." என்பது ஒரு கிலோ நிறைக்கு இத்தனை மில்லிகிராம் என்று பொருள்படும். ஆங்கிலத்தில் மில்லிகிராம் முன்னால் வரும், கிலோ பின்னால் வரும். தமிழில் கிலோவை முன்னால் சொன்னால்தான் காதுக்கு ஒழுங்காக இருக்கும்: "உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் வரை". குறியீட்டை மட்டும் மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்றவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காதால் கேட்கும் தாய் ஒருவர் பிள்ளையின் நிறையை மனக்கணக்காகப் பெருக்கப்போவதில்லை. அதற்காக நீங்களே நிறை வாரியாக மருந்தளவைக் கணக்குப் போட்டுப் போடாதீர்கள். அந்த வரியை எழுதிய வைத்தியரிடம் கேளுங்கள், அவர் தரும் வாசகத்தையே மொழிபெயர்த்துப் போடுங்கள்.

"குறைவு" என்பதைக் காட்டும் குறிக்கு வருவோம். "<100,000" இல் குறி விழுந்துவிட்டால் "நூறாயிரம் எனில் வைத்தியசாலைக்குச் செல்லவும்" என்ற அர்த்தமே வரும். எதற்குக் குறைந்தால் போகவேண்டும் என்ற செய்தி போய்விடும். காற்புள்ளியில் நின்று "நூறு" என்றும் மூன்று பூச்சியங்கள் என்றும் வாசிக்கும் குரலும் இருக்கிறது. நாம் பேசும்போது சொல்வது "ஒரு இலட்சம்". எனவே: "குருதிச் சிறுதட்டுகள் ஒரு இலட்சத்துக்குக் குறைந்தால்". கன மில்லிமீட்டரை எழுதினால் "ஒரு கன மில்லிமீட்டரில்" என்று முன்னால் வையுங்கள். மேல் எழுத்து மூன்றைச் சில குரல்கள் வெறும் "மூன்று" என்று வாசித்துவிடும்.

படி 4: புள்ளி வைத்த சுருக்கங்கள்

சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் குரலுக்கு வாக்கிய முடிவாகத் தெரியக்கூடும். ஆனால் எல்லாவற்றையும் விரித்து எழுதுவதும் சரியில்லை. மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள். "மி.கி." யாருமே எழுத்து எழுத்தாகச் சொல்லாதது, எனவே மில்லிகிராம் என்று விரியுங்கள். "கே.கே.எஸ். வீதி" அப்படியல்ல. அதைக் காங்கேசன்துறை வீதி என்று விரித்தால் பிழை இல்லைதான், ஆனால் முச்சக்கர வண்டிக்காரரிடம் நாம் சொல்வது கே கே எஸ் வீதி. புள்ளிகளை மட்டும் எடுத்து, இடைவெளி விடுங்கள். மூன்றாவது "யாழ்." வகை. "யாழ். போதனா வைத்தியசாலை" என்றால் குரல் யாழோடு ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு மூச்சு வாங்கும். புள்ளியை நீக்கினால் போதும், யாழ் போதனா வைத்தியசாலை என்றுதான் சனமும் சொல்கிறது.

மு.ப., பி.ப. இரண்டும் அலுவலகக் கடிதத்துக்கு உரியவை. குரலுக்குக் காலை, மதியம், மாலை என்று எழுதுங்கள். 8.30 என்பதைப் பதின்மமாக எண்ணி "எட்டுப் புள்ளி முப்பது" என்று வாசிக்கும் குரல்கள் உள்ளன. எட்டரை என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது.

படி 5: தொலைபேசி இலக்கம் எண் அல்ல

1990ஐக் குரல் ஆண்டு போல வாசிக்கும். அவசரத்தில் கேட்பவர் அழுத்தவேண்டியது நான்கு பொத்தான்கள். "ஒன்று, ஒன்பது, ஒன்பது, பூச்சியம்" என்று சொல்லாக எழுதுவதே பாதுகாப்பு. இலக்கங்களுக்கிடையே இடைவெளி விட்டால் சில குரல்கள் அவற்றை மீண்டும் ஒட்டிவிடும். 021 என்று தொடங்கும் இலக்கங்களில் முன்னால் உள்ள பூச்சியம் காணாமல் போகிறதா என்று கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது நம் அறிவித்தல் இப்படி ஆகிறது:

```
பரசிற்றமோல் மருந்தை, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் வரை, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். 24 மணித்தியாலத்தில் 4 தடவைகளுக்கு மேல் வேண்டாம்.
ஒரு கன மில்லிமீட்டரில் குருதிச் சிறுதட்டுகள் ஒரு இலட்சத்துக்குக் குறைந்தால், யாழ் போதனா வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.
கிளினிக்: யூன் மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி முதல் மதியம் பன்னிரண்டரை மணி வரை, கே கே எஸ் வீதி.
அம்புலன்ஸ் இலக்கம்: ஒன்று, ஒன்பது, ஒன்பது, பூச்சியம்.
```

படி 6: எழுத்து மாறக்கூடாது என்றால்

சில வேளை திரையில் தெரியும் வாசகம் அப்படியே இருக்கவேண்டும், குரல் மட்டும் வேறாக வாசிக்கவேண்டும். குரல் கோப்பை நீங்களே உருவாக்குகிறீர்கள் என்றால் SSML என்ற குறிமொழி உதவும். அதில் புதியவர்களுக்குப் போதுமான ஒரே குறி `sub`.

```
<speak version="1.0" xml:lang="ta-LK"
 xmlns="http://www.w3.org/2001/10/synthesis">
 <voice name="ta-LK-SaranyaNeural">
  சிறுதட்டுகள்
  <sub alias="ஒரு இலட்சத்துக்குக் குறைவாக">&lt;100,000</sub>
  இருந்தால்
 </voice>
</speak>
```

`alias` இல் உள்ளதைத்தான் குரல் சொல்லும். இங்குள்ள குரல் மைக்ரோசொப்ட் அசூரின் இலங்கைத் தமிழ்க் குரல்களில் ஒன்று. `&lt;` என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "குறைவு" குறியை நேராகப் போட்டால் புதிய குறி தொடங்குகிறது என்று நினைத்துக் கோப்பே பிழை காட்டும். எண் வகையைச் சொல்லும் `say-as` என்ற குறியும் உண்டு, ஆனால் அது ஒவ்வொரு சேவையிலும் ஒவ்வொரு விதமாக வேலை செய்யும். தொடக்கத்தில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. இந்த வழி இணையப் பக்கத்துக்கோ வேர்ட் கோப்புக்கோ பயன்படாது. அங்கே திரை வாசிப்பான் எழுதியதைத்தான் வாசிக்கும்.

படி 7: கேட்டு எழுதவிடுங்கள்

நீங்கள் எழுதியதை நீங்களே கேட்டால் பிழை தெரியாது, மூளை சரியானதை நிரப்பிவிடும். பிரதியைப் பார்க்காத ஒருவரிடம் குரலைக் கொடுத்து, எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கில மூலத்தோடு அந்தத் தாளை ஒப்பிடுங்கள். குறைந்தது இரண்டு குரல்களிலாவது செய்யுங்கள். ஒன்று கைபேசியில் உள்ள தமிழ்க் குரல், இன்னொன்று இலவசமான eSpeak NG. இரண்டாவதன் குரல் இயந்திரத்தனமானது, ஆனால் NVDA திரை வாசிப்பானோடு அது வருவதால் உங்கள் வாசகர்களில் சிலர் கேட்பது அதையாகவே இருக்கலாம். உங்கள் எழுத்துக் கோப்பை அதன் குரலில் ஒலிக் கோப்பாக்கும் கட்டளை இது:

```
espeak-ng -v ta -f arivithal.txt -w arivithal.wav
```

ஒரு சொல் எப்படித் திருத்தினாலும் சரியாக வராவிட்டால், குரல் மென்பொருளின் உச்சரிப்பு அகராதியில் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். அது உங்கள் கணினியில் மட்டும் சரியாக ஒலிக்கும், அறிவித்தலைப் பெறுபவரிடம் பழையபடிதான் இருக்கும். அந்தச் சொல்லை விட்டுவிட்டு வாக்கியத்தை வேறு விதமாக அமையுங்கள்.