இரண்டு விற்சுருள், ஒரு மீன்: எங்கே பிழை விடுகிறோம்?

கல்முனைச் சந்தையில் மீன் நிறுக்கிற விற்றராசு இரண்டை வாங்கி, ஒன்றின் கொளுக்கியில் மற்றதை மாட்டுங்கள். கீழே 1.2 கிலோ கொடுவா மீன் ஒன்றைத் தொங்க விடுங்கள். ஒவ்வொரு தராசும் எவ்வளவு காட்டும்? வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் "600 கிராம் சேர்" என்பார்கள். இரண்டுமே 1.2 கிலோ காட்டும். கீழ்த் தராசின் சொந்த எடையையும் தாங்குவதால் மேலுள்ளது கொஞ்சம் கூடத்தான் காட்டும்.

முதல் பிழை இதுதான்: தொடரில் சுமை பங்கிடப்படுவதாக நினைப்பது. பங்கிடப்படுவது சுமையல்ல, நீட்சி.

இலக்கம் போட்டுப் பார்ப்போம். ஒரு வில்லின் மாறிலி மீற்றருக்கு 200 நியூற்றன், மற்றதுக்கு 300. மீனின் எடை 12 நியூற்றன் (g = 10 என்று எடுத்தால்). தொடரில் இரண்டையும் இழுப்பது அதே 12 நியூற்றன். முதலாவது 6 சென்ரிமீற்றர் நீளும், இரண்டாவது 4. மொத்தம் 10. ஆக சமவலு மாறிலி 12 ÷ 0.1 = 120.

```
1/k = 1/200 + 1/300 = 5/600
k = 600/5 = 120
```

கடைசி வரியில் தலைகீழாக்க மறந்து 5/600 ஐயே விடையாக எழுதுபவர்கள் ஏராளம். தடையிச் சூத்திரத்தை அப்படியே கொண்டு வந்து 500 என்று எழுதுபவர்கள் அதைவிட அதிகம். தொடரில் வரும் விடை இரண்டில் சிறியதை விடவும் சிறிதாக இருக்க வேண்டும். 200 ஐத் தாண்டினால் எங்கோ பிழை.

சரி, சமாந்தரம். இரண்டையும் 50 சென்ரிமீற்றர் இலேசான கோலின் இரு முனைகளில் கட்டி, கோலில் மீனைத் தொங்க விடுகிறோம். k = 500, நீட்சி 2.4 சென்ரிமீற்றர் என்று உடனே எழுதி விடுவோம். ஆனால் அது கோல் கிடையாக இருந்தால் மட்டுமே. இரண்டும் 2.4 நீள, மெல்லிய வில் 4.8 நியூற்றனும் விறைப்பானது 7.2 நியூற்றனும் தாங்க வேண்டும். அதற்கு மீன் மெல்லிய வில்லிலிருந்து 30 சென்ரிமீற்றரில் தொங்க வேண்டும். நடுவில் தொங்கவிட்டால் ஆளுக்கு 6 நியூற்றன்; ஒன்று 3, மற்றது 2 நீளும். கோல் சரியும், மீன் 2.5 இறங்கும். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் "ஏன் 500 வரவில்லை?" என்று ஆய்வுகூடத்தில் தலையைச் சொறிய வைப்பது இதுதான்.

இன்னுமொன்று. இரு சுவர்களுக்கு நடுவே ஒரு குற்றி, இரு பக்கமும் ஒவ்வொரு வில். ஒரே கோட்டில் இருப்பதால் தொடர் என்று தோன்றும். குற்றியை 1 சென்ரிமீற்றர் வலப்பக்கம் தள்ளுங்கள்: இடப்பக்க வில் 1 நீளும், வலப்பக்க வில் 1 சுருங்கும், இரண்டும் குற்றியை இடப்பக்கமாகவே திருப்பும். விசைகள் 2 உம் 3 உம், கூட்டினால் 5 நியூற்றன். இது சமாந்தரம்; k = 500.