கேட்டுவிட்டு முடிவெடுப்பதும் சேர்ந்து முடிவெடுப்பதும் ஒன்றல்ல: புதிய டீம் லீடர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் முதன்முறையாக டீம் லீடர் ஆன இருவரின் மீட்டிங்குகளில் கூட உட்கார்ந்திருந்தேன். இருவரும் என் ஆரம்ப காலத் தவறுகளை அப்படியே செய்தார்கள். கத்துவது, யாரையும் மதிக்காமல் பேசுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை, அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல மனதோடு செய்யும்போதே நடக்கிற தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முடிவெடுக்க மூன்று வழிகள் உண்டு. லீடர் தானே எடுப்பது ஒன்று. எல்லோரையும் கேட்டுவிட்டு லீடர் எடுப்பது இன்னொன்று. எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்டு எடுப்பது மூன்றாவது. எந்த வழி எப்போது என்பதை முக்கியமாக இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எவ்வளவு அவசரம், அந்த வேலையில் டீம் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது.

யார் முடிவெடுக்கப்போகிறார் என்று சொல்லாமலே கருத்துக் கேட்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருகிற தவறு இதுதான்.

ஒன்பது பேர் கொண்ட ஒரு சாஃப்ட்வேர் டீமை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவில் சர்வர் பிரச்சினை வந்தால் எடுத்துப் பேச வேண்டிய போனை ஒருவர் ஒரு வாரம் வைத்திருப்பார், அடுத்த வாரம் வேறொருவர். வாரத்தில் இரண்டு இரவு தூக்கம் கெட்டாலும் அந்த ஆளின் பகல் வேலை முழுக்கப் படுத்துவிடும். வாரத்துக்கு ஒருவர் என்பதை இரவுக்கு ஒருவர் என்று மாற்றலாம் என்று நினைத்து ஒரு மணி நேர மீட்டிங் வைத்தேன். "நீங்க எல்லாரும் என்ன நினைக்கிறீங்க?" என்று ஆரம்பித்தேன்.

ஆறு பேர் ஒரே பக்கம் நின்றார்கள். வார முறையே இருக்கட்டும், ஆனால் தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் ஈடு விடுப்பு வேண்டும் என்றார்கள். நியாயமான யோசனை. ஆனால் ஈடு விடுப்பு தர முடியாது என்று மேலிடம் முன்பே சொல்லியிருந்தது. எனக்கு அது தெரியும். மீட்டிங்கில் சொல்லவில்லை, பேச்சு அந்தப் பக்கம் போகும் என்று எதிர்பார்க்கவில்லை, போன பிறகு குறுக்கிட மனம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, இரவுக்கு ஒருவர் என்று அறிவித்தேன்.

டீமில் மூத்தவர் என்னிடம் கேட்டது ஒரே வரி: "அப்புறம் எதுக்கு எங்களைக் கேட்டீங்க?"

நான் அவர்களிடம் ஆலோசனை கேட்டதாக நினைத்தேன். அவர்களோ தாங்கள் முடிவெடுத்துவிட்டதாக நினைத்தார்கள். "என்ன நினைக்கிறீங்க" என்ற கேள்வி இரண்டுக்கும் பொருந்தும் என்பதால் இரு தரப்பும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நான்தான் சொல்லவில்லை.

விலை பிறகு தெரிந்தது. அடுத்து எதைக் கேட்டாலும் "நீங்க சொல்றபடி செய்யலாம்" என்ற பதிலே வந்தது. மூன்று மாதம் கழித்து பேக்கப் வேலை செய்யாமல் நின்றிருந்ததை ஒரு கோளாறின் நடுவில்தான் கண்டுபிடித்தோம். இருவருக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கிறது. "சொன்னா மட்டும் என்ன ஆகப்போகுது" என்று விட்டுவிட்டார்கள். தரவை மீட்க ஒரு முழு நாள் போனது. நானே உத்தரவு போட்டிருந்தால்கூட இவ்வளவு சேதம் வந்திருக்காது. முணுமுணுத்திருப்பார்கள், ஆனால் அடுத்த முறை வாய் திறந்திருப்பார்கள்.

உங்கள் டீமில் இது நடக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. மீட்டிங் முடிந்ததும் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இதை யார் முடிவெடுக்கப்போகிறார், எப்போது? மூன்று பதில்களும் ஒன்றாக இல்லையென்றால் பிரச்சினை ஆரம்பித்துவிட்டது.

இப்போது நான் மீட்டிங்கை இப்படித் தொடங்குகிறேன்: "இந்த முடிவை நான் எடுப்பேன், வியாழன் மாலைக்குள். ஈடு விடுப்பு கிடையாது என்பது ஏற்கெனவே முடிவானது, அதை மாற்ற முடியாது. அந்த எல்லைக்குள் எந்த முறை ஓடும், எது எங்கே மாட்டிக்கொள்ளும் என்று உங்களிடம் தெரிந்துகொள்ள வேண்டும்." முடிவை அறிவிக்கும்போது, ஏற்காமல் விட்ட ஒவ்வொரு யோசனைக்கும் காரணம் சொல்கிறேன். ஒரு வரி போதும்.

இன்னொன்றையும் பிறகுதான் உணர்ந்தேன். அந்த விஷயத்துக்கு ஆலோசனை வழியே பொருத்தமில்லை. எந்த முடிவுக்கு எந்த வழி என்று கண்டுபிடிக்க, விக்டர் வ்ரூம், பிலிப் யெட்டன் என்ற இரண்டு மேலாண்மை ஆய்வாளர்கள் 1973-ல் ஒரு கேள்வி வரிசையைத் தந்தார்கள். அதில் எனக்கு மிகவும் உதவிய கேள்வி இது: முடிவை நிறைவேற்ற டீமின் மனப்பூர்வமான சம்மதம் தேவையா, நான் தனியாக எடுத்தால் அந்தச் சம்மதம் கிடைக்குமா? நடுராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடிக்கும்போது பக்கத்தில் மேற்பார்வை செய்ய யாரும் இல்லை. சம்மதம் இல்லாவிட்டால் வேலை அரைகுறையாகத்தான் நடக்கும். அவசரமும் இல்லை, இரண்டு மாதம் கையில் இருந்தது. இரண்டு வருடமாக அந்தப் போனைச் சுமந்தவர்கள் அவர்கள், என்னைவிட அவர்களுக்கே விஷயம் தெரியும். ஈடு விடுப்பு கிடையாது என்ற எல்லையைச் சொல்லிவிட்டு, அதற்குள் நீங்களே ஒரு முறைக்கு வாருங்கள் என்று விட்டிருக்க வேண்டும். கூடவே, இரண்டு வாரத்தில் ஒத்துவராவிட்டால் நான் எடுப்பேன் என்பதையும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கெடு இல்லாத ஒருமித்த முடிவு முடிவே ஆவதில்லை.

கெடு இருந்தாலே அவசரம் என்று நினைப்பது

தேதி நெருங்குகிறது என்பதற்காக உத்தரவு போட ஆரம்பிக்கிறார்கள். நான் பார்ப்பது இரண்டு விஷயம்: ஒரு மணி நேரம் தாமதித்தால் எது கெடும்? எடுத்த முடிவைப் பிறகு மாற்ற முடியுமா? சர்வர் விழுந்து வாடிக்கையாளர்கள் வெளியே நிற்கும்போது ஒருவர் சொல்ல மற்றவர்கள் செய்வதுதான் சரி, அப்போது விவாதமே நஷ்டம். ஆனால் அடுத்த மாதத்துக்கான தேதி அப்படிப்பட்டதல்ல. நாளை எடுத்தாலும் ஒன்றும் கெடாது என்றால் இன்றைக்குக் கேட்க நேரம் இருக்கிறது.

பக்குவத்தை ஆளை வைத்து அளப்பது

"என் டீம் சீனியர் டீம்" என்று சொல்லி எல்லாவற்றையும் அவர்கள் கையில் விடுவதும் தவறு. பக்குவம் வேலையைப் பொறுத்தது. பத்து வருடம் கோட் எழுதியவர்கள் முதல்முறை சர்வர்களை வேறு இடத்துக்கு மாற்றும்போது அந்த வேலைக்குப் புதியவர்களே. அங்கே அவர்களை ஒருமித்த முடிவுக்கு விட்டால் யாருக்கும் தெரியாததில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அதைச் செய்து பார்த்த ஒருவரை அழைத்து, கேட்டுவிட்டு நீங்கள் எடுங்கள். அதே ஆட்கள் கோட் விஷயத்தில் தாங்களே முடிவெடுக்கட்டும்.

தலையாட்டலை ஒருமித்த கருத்து என்று எடுத்துக்கொள்வது

யாருக்குமே விருப்பமில்லாத ஒன்றுக்கு, மற்றவர்களுக்கு விருப்பம் என்று நினைத்து, எல்லோரும் சரி என்பது நடக்கிற விஷயம்தான். மேலாண்மைப் பேராசிரியர் ஜெர்ரி ஹார்வி 1974-ல் இதற்கு அபிலீன் முரண் என்று பெயரிட்டார். "எல்லாருக்கும் ஓகேவா?" என்ற கேள்வி இதை வரவழைக்கிறது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லிக் கேட்கிறேன்: "இது உங்களுக்குப் பிடித்த வழியாக இல்லாமல் இருக்கலாம். செய்து பார்க்கத் தடை சொல்ல ஏதாவது காரணம் இருக்கிறதா?" நான் கடைசியில்தான் பேசுவேன். லீடர் முதலில் பேசிவிட்டால் அதன் பிறகு வரும் சம்மதத்தை நம்ப முடியாது.

கையெண்ணி முடிவெடுத்துவிட்டு ஒருமித்த முடிவு என்பது

அது பெரும்பான்மை முடிவு. அப்படியே சொல்லுங்கள்.

நெருக்கடி முடிந்த பிறகும் உத்தரவிலேயே தொடர்வது

"சர்வர் எழுந்துவிட்டது, இனி பழையபடி கேட்டு முடிவெடுப்போம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.