"பச்சைக் குப்பி" என்று மட்டும் சொல்லித் தேடாதீர்கள்

பெயர் மறந்துபோன பழைய பொருளைத் தேடும்போது பலரும் முதலில் செய்வது போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டுவதுதான். தேடலை அதிகம் கெடுப்பதும் அதுதான்.

குளச்சலில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி, பல வருடங்களுக்கு முன்னால் பயன்படுத்திய தலைவலித் தைலத்தைத் தேடினார். சின்னக் குப்பி, பச்சை நிறம், வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் வாங்கியது. நினைவில் இருந்தது இவ்வளவுதான். பேரன் உடனே கோடாலித் தைலத்தின் படத்தைக் காட்டி, "இதுவா பாட்டி?" என்றான். "ஆமா மக்களே, இதுதான்" என்றார் மாமி. வாங்கி வந்து திறந்தால் மணம் வேறு. அதற்குப் பிறகும், பழைய குப்பியில் கோடாலிப் படம் இருந்ததாகவே மாமி சொல்ல ஆரம்பித்துவிட்டார். காட்டிய படம் பழைய நினைவோடு கலந்துவிட்டது. ஒருமுறை கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது கஷ்டம்.

அதனால் படம் காட்டுவதற்கு முன்பே, அவர் சொல்வதைச் சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள். "தெரியல", "இருக்கலாம்" என்று தயங்கிய இடங்களையும் எழுதுங்கள். நடுவில் எடுத்துக்கொடுக்க வேண்டாம். அப்புறம் காட்டும்போது நாலைந்து படங்களைச் சேர்த்துக் காட்டுங்கள். அதில் ஒன்று நிச்சயமாக அதுவாக இருக்க முடியாததாக இருக்கட்டும். அதற்கும் தலையாட்டினால், நம் மனம் கோணக்கூடாது என்று ஆமா போடுகிறார் என்று அர்த்தம்.

நிறத்தை அப்படியே நம்புவது அடுத்த தவறு. பச்சை என்றால் எது பச்சை? அட்டைப்பெட்டியா, மூடியா, கண்ணாடியா, உள்ளே இருந்த எண்ணெயா? மாமியிடம் இப்படிக் கேட்டபோது, எண்ணெய்தான் பச்சை என்றார். பெட்டியின் நிறம் அவருக்கு நினைவே இல்லை. சில நிறங்கள் ஒரு பிராண்டை விட அந்த வகைக்கே உரியவை. சந்திரிகாவும் பச்சை, மெடிமிக்ஸும் பச்சை. பச்சை சோப்பு என்று தேடினால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடை முகப்பில் வெயில் படும் பெட்டிகளில் சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் முதலில் வெளிறும். நீலமும் கறுப்பும் தங்கும். வெளிர்நீலம் என்று நினைவிருக்கும் பெட்டி, புதிதில் பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்திருக்கலாம்.

கடை மூடிப்போனதும் தேடலை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விடக் கடைதான் நல்ல தடயம். பொருள் எந்த வழியாக ஊருக்கு வந்தது என்பதைக் கடையின் வகையே காட்டிவிடும். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து மளிகைக் கடை என்றால் கேரளத்துச் சரக்காக இருக்க வாய்ப்பு உண்டு. வெளிநாட்டுச் சாமான் கடை என்றால் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா பக்கம் யோசிக்கலாம். மூடிப்போன கடையில் வேலை பார்த்தவர்களும் பக்கத்துக் கடைக்காரரும் ஊரில்தான் இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள்.

இதோடு எழுத்தையும் கேட்டுவிட்டால் தேட வேண்டிய இடம் சட்டென்று சுருங்கும். படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தின் தோற்றம் நினைவில் நிற்கும். வட்டவட்டமாக இருந்தால் மலையாளம், கோடு இழுத்து நெளிந்து போனால் அரபி, கட்டம் கட்டமாக இருந்தால் சீனம். மாமி, "பெட்டி பெட்டியா எழுதியிருக்கும், ஒரு பறவைப் படமும் உண்டு" என்றார். சீன எழுத்து, பறவை, பச்சை எண்ணெய், வெளிநாட்டுச் சாமான் கடை. நான்கையும் சேர்த்தால் ஈகிள் பிராண்ட் தைலம், அதாவது கழுகுப் படம் போட்டது. கோடாலியும் கழுகும் இரண்டுமே சிங்கப்பூரில் பிறந்த பிராண்டுகள், இரண்டும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வருபவை. பேரன் குழம்பியதில் ஆச்சரியமில்லை.

அளவை மில்லியில் கேட்காதீர்கள். வீட்டில் இருக்கும் காலிக் குப்பிகளைக் கையில் கொடுத்து, எது அதே போல இருக்கிறது என்று எடுக்கச் சொல்லுங்கள். கண் மறந்ததைக் கை சொல்லும். ஆனால் அன்று கண்ணாடியில் வந்தது இன்று பிளாஸ்டிக்கில் வரலாம், தகரடப்பா பாக்கெட்டாக மாறியிருக்கலாம். வடிவம் ஒத்துவரவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பொருளை ஒதுக்கிவிட வேண்டாம்.

பழைய பெட்டி கிடைத்தால் பார்கோடைப் பாருங்கள். 890 இந்தியாவுக்கும் 888 சிங்கப்பூருக்கும் உரிய தொடக்க எண்கள். ஆனால் எண்ணை எந்த நாட்டில் பதிவு செய்து வாங்கினார்கள் என்பதுதான் இதில் தெரியும். பொருள் எங்கே தயாரானது என்பதற்கு அட்டையில் உற்பத்தியாளர் முகவரியைத் தேட வேண்டும்.

கடைசியில், பெயர் பொருந்திவிட்டது என்று அப்படியே கொடுத்துவிடாதீர்கள். லேபிளைத் தாளால் மூடி, வேறு இரண்டு தைலங்களோடு சேர்த்து மணம் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் சில நிமிடம் இடைவெளி விடுங்கள். கற்பூரமும் மெந்தாலும் மூக்கை மரக்க வைத்துவிடும். உடனே முகர்ந்தால் அடுத்ததும் அதே போலத் தோன்றும்.