மாறன் யார் என்று யாரும் கேட்காமல் இருக்க: என் அனுபவம்

பள்ளி நாடக ஒத்திகையில் மூன்றாம் காட்சி வந்தாலே, பார்ப்பவர்கள் "இந்த ஆள் யார்?" என்று கிசுகிசுத்தார்கள். கடலுக்குப் போன சிறுவன் மாறன் வளர்ந்து திரும்பும் இடம் அது. கதைசொல்லியின் வசனத்தை நீட்டினோம், குழப்பம் கூடியது. மைக்கின் ஒலியைக் கூட்டியும் பயனில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டபோதுதான் பிடிபட்டது. "பத்து ஆண்டுகள் கழித்து" என்ற தொடக்கமே கைதட்டலிலும் மேசை இழுக்கும் சத்தத்திலும் மூழ்கிப்போனது. வசனத்தைத் தலைகீழாக்கினேன்:

"கடலுக்குப் போன பிள்ளையை ஊரே மறந்துவிட்டது. தாய் மட்டும் மறக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, அதே துறைமுகத்தில் வந்து இறங்குகிறான், மாறன்."

முதல் வாக்கியம் இரைச்சலில் போனாலும் நட்டமில்லை. பெயர் ஒலித்த பிறகே மாறன் மேடையேற வேண்டும். முந்திக்கொண்டால் எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள், வசனம் காதில் ஏறாது. அடுத்த ஒத்திகையில் கிசுகிசுப்பே இல்லை. அப்பாடா!