இன்வெர்ட்டர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மின்தடையின்போது கட்டாயம் இயங்க வேண்டியவற்றை மட்டும் முதலில் வாட்டில் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் 75 வாட் மின்விசிறி மூன்று, 10 வாட் எல்இடி விளக்கு ஐந்து, 80 வாட் தொலைக்காட்சி, 15 வாட் வைஃபை ரவுட்டர் என்றால் மொத்தம் 370 வாட். இன்வெர்ட்டரின் திறனை வாட்டில் அல்லாமல் விஏ-வில் (வோல்ட்-ஆம்பியர்) குறிப்பதால், இதைப் பவர் ஃபாக்டரான 0.8ஆல் வகுத்தால் சுமார் 460 விஏ வரும். மின்விசிறிகள் ஒன்றாகக் கிளம்பும் இழுப்பைத் தாங்கவும் இடம்விட்டு, 800 விஏ இன்வெர்ட்டர் எடுப்பது நல்லது.

பேட்டரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு 740 வாட்-மணி தேவை. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 925. அதைப் பேட்டரியின் 12 வோல்ட்டால் வகுத்தால் 77 ஆம்பியர்-மணி, அதாவது 77 ஏஎச். ஆனால் 80 ஏஎச் பேட்டரி போதாது. ஈய-அமில பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு பொதுவாக 20 மணி நேரம் மெதுவாக இறக்கும்போது கிடைப்பது. இங்கே 38 ஆம்பியர் வரை இழுப்பதால் அதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான் கைக்கு வரும். ஆகவே 150 ஏஎச் வாங்குங்கள். நாள்பட பேட்டரி தளர்வதற்கும் அதில் இடமிருக்கும்.

குளிர்சாதனப் பெட்டியைச் சேர்க்க நினைத்தால், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பன்மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது.