“குசினியை ஒரு மூண்டடி பின்னுக்குத் தள்ளுவமே?” – வீட்டு வேலையில் மாற்றங்களுக்கு விலை சொல்லும்போது விடும் தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சின்னக் கொந்தராத்து எடுத்து வீடு கட்டுபவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. காசு கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும். காணியில் அப்பா கதிரை போட்டு இருப்பார். பின்னேரம் வாட்ஸ்அப்பில் படம் போகும், இரவு பதில் வரும்: “அண்ணை, வடிவா வருது. குசினி மட்டும் கொஞ்சம் சின்னனாத் தெரியுது. ஒரு மூண்டடி பின்னுக்குத் தள்ளுவமே?”

கேட்பது குற்றமில்லை. வரைபடத்தில் பத்துக்குப் பத்து என்று எழுதியிருந்ததைக் கண்ணால் அளக்கச் சுவர் எழும்பத்தான் வேண்டும். பிசகுவது பெரும்பாலும் நம்முடைய பதிலில்தான்.

“அது பாப்பம் அண்ணை”

ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மரியாதைக்காக விடும் சொல் இது. வெளிநாட்டில் இருப்பவருக்கு அது ‘ஓம்’ என்றுதான் கேட்கும். மேசனுக்கும் அப்படித்தான். அடுத்த நாள் சுவர் உடைபடும், காசு என்ற பேச்சே வந்திருக்காது. கடைசியில் பூச்சு முடிந்து கணக்கு முடிக்கும் நாளில் “எக்ஸ்ட்ரா வேலை” என்று ஒரு நீளத் துண்டு நீட்டப்படும். அன்றைக்குத்தான் சண்டை. எந்த வேலையும் செய்து முடிந்த பிறகு, “இதுக்கு இவ்வளவா?” என்று கேட்பவரிடம் அதை நியாயப்படுத்துவது கடினம். உடைத்த கல்லும் போட்ட அத்திவாரமும் அப்போது கண்ணுக்குத் தெரியாது.

பதிலை அன்றைக்கே எழுத வேண்டும், ஆனால் விலையை அன்றைக்கே சொல்லத் தேவையில்லை. “கேட்டது விளங்கினது அண்ணா. கணக்குப் பார்த்து நாளைக்குப் பின்னேரம் எழுதிறன். அதுவரைக்கும் குசினிப் பக்கம் கை வைக்க மாட்டம், முன் அறை வேலை நடக்கும்” என்றால் போதும். அவருக்கு மரியாதை, உங்களுக்கு ஒரு நாள் அவகாசம்.

சதுர அடிக் கணக்கில் விலை சொல்வது

என் பார்வையில் மற்ற எல்லாத் தவறையும்விட இதில்தான் கூடக் காசு போகிறது. வீட்டை முழுதாகச் சதுர அடி இவ்வளவு என்று பேசியிருப்போம். ஆகவே மூன்றடி தள்ளினால் 3 × 10 = 30 சதுர அடி, அதைப் பேசிய விலையால் பெருக்கினால் சரி என்று இரண்டு பக்கமும் நினைக்கும். கணக்கு இலகு, அதனால் பிடிக்கும். ஆனால் அந்தச் சதுர அடி விலை ஒரு முழு வீட்டின் சராசரி. நடு ஹோலின் வெறும் தரையும், குழாய், தொட்டி, ரைல்ஸ் என்று செலவு கூடிய குசினியும் அதற்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அது முதலிலிருந்து கட்டுவதற்கான விலை. கட்டியதை உடைத்துத் திரும்பக் கட்டும் செலவு அதற்குள் இல்லை.

ஒரு கணக்கை விரித்துப் பார்ப்போம். எண்கள் விளங்குவதற்காக வைத்தவை. உங்கள் இடத்தில் அன்றைய கூலியும் சாமான் விலையும் எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பேசிய விலை சதுர அடி 9,000 ரூபா. அந்தக் கணக்கில் 30 சதுர அடிக்கு 2 லட்சத்து 70 ஆயிரம்.

அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே அவர் கேட்டிருந்தால் என்ன கூடும்? பின்சுவர் எப்படியும் பத்தடிதான், அது மூன்றடி தள்ளி நிற்கப் போகிறது. பக்கச் சுவர்கள் இரண்டும் மூன்று மூன்று அடி நீளும். ஆகப் புது அத்திவாரம் 6 அடி, அதன்மேல் கல் கட்டு, பூச்சு, தரை, ரைல்ஸ், கூரை. ஒவ்வொன்றாகக் கூட்டி, மேற்பார்வைக்குப் பத்து வீதமும் வைத்தால் ஏறக்குறைய 2 லட்சத்து 8 ஆயிரம் வருகிறது என்று வைப்போம்.

இப்போது அதே கேள்வி, சுவர் ஏழடி எழும்பி லின்ரல் போட ஆயத்தமாக நிற்கும்போது வருகிறது. பின்சுவரின் பழைய அத்திவாரம் மண்ணுக்குள் வீணாகக் கிடக்கும். புதிதாக 6 அடி இல்லை, 16 அடி போட வேண்டும். அடிக்கு 5,000 என்றால் அந்தப் பத்தடிக்கே 50 ஆயிரம். நிற்கும் 70 சதுர அடிச் சுவரை உடைக்க வேண்டும், கழிவை அள்ள வேண்டும், அதே 70 சதுர அடியைத் திரும்பவும் கட்ட வேண்டும். உடைத்த சீமெந்துக் கல்லில் பாதியாவது முழுசாகத் தேறுவதே அதிசயம். இதற்கு இன்னொரு 44 ஆயிரத்துச் சொச்சம். மேற்பார்வையும் சேர்ந்தால் மொத்தம் ஏறக்குறைய 3 லட்சத்து 12 ஆயிரம்.

மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நேரத்தோடு கேட்டவரிடம் சதுர அடி விலையை வாங்கினால் அவரிடம் 60 ஆயிரத்துக்கு மேல் கூட எடுத்திருப்பீர்கள். பிந்திக் கேட்டவரிடம் அதே விலையை வாங்கினால் 40 ஆயிரத்துக்கு மேல் உங்கள் கையிலிருந்து போகும். இதை வீட்டுக்காரருக்கும் காட்டலாம், அவர் கணக்கு விளங்காதவர் இல்லை. “சதுர அடிக் கணக்கில வைச்சா உங்களுக்கும் நியாயமில்லை, எனக்கும் நியாயமில்லை” என்று சொல்ல அப்போது வாய் கூசாது.

குறைவதையும் எழுத வேண்டும். அலுமினிய யன்னல் ஒன்று வேண்டாம் என்றால் அதன் விலையைக் கழித்துக் காட்டுங்கள், அவர் கேட்கும் வரை நிற்க வேண்டாம். கழிக்கத் தெரிந்தவர் கூட்டும்போது ஆட்கள் நம்புவார்கள்.

விலையை மட்டும் சொல்வது

ஒரு மாற்றத்தோடு காசு மட்டும் கூடுவதில்லை. குசினி நீண்டால் கூரையும் நீள வேண்டும். கூரை அந்தப் பக்கம் சரிவதால், சாதாரணச் சரிவில் மூன்றடி தள்ளினால் பின்சுவர் ஓரத்தில் உயரம் ஒரு அடிக்கு மேல் இறங்கும். யன்னலின் மேல் விளிம்போடு அது இடிக்குமா என்று முதலே பார்க்க வேண்டும். பிரதேச சபையில் வரைபடத்துக்கு அனுமதி எடுத்திருந்தால், கட்டியது வரைபடத்தோடு ஒத்துவராதபோது முடிவுச் சான்றிதழ் எடுக்கையில் கேள்வி வரும். திருத்திய வரைபடம் போடுவது யார் பொறுப்பு, யார் செலவு?

பிறகு நாட்கள். இந்த மாற்றத்தால் வேலை ஒன்பது நாள் கூடும் என்று வைப்போம். சித்திரையில் அது வெறும் ஒன்பது நாள்தான். புரட்டாதியில் என்றால் கூரை வேலை மாரிக்குள் போய் விழும். வன்னியில் மழை பிடித்தால் சுவர் நனையும், மண் ஏற்றிய டிப்பர் ஒழுங்கைக்குள் இறங்காது, கால போகத்துக்கு வயலுக்குப் போன கூலியாட்களையும் பிடிக்க முடியாது. குடிபூரலுக்கு நாள் பார்த்து ரிக்கற் போட்டுவிட்ட குடும்பத்துக்குக் காசைவிட இந்த நாட்கள்தான் பெரிது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் பிறகு “நீங்கள் கேட்ட மாற்றத்தாலதான் பிந்தினது” என்றால் சாட்டுச் சொல்வது போலத்தான் இருக்கும்.

கணக்குப் பார்த்தபின் அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம் அண்ணா. குசினியை 3 அடி தள்ளக் கேட்டிருந்தீர்கள். செய்யலாம். நிற்கும் பின்சுவரை உடைத்து 16 அடிக்குப் புது அத்திவாரம் போட வேண்டும். மேலதிகச் செலவு 312,000 ரூபா, விபரம் கீழே. வேலை 9 நாள் கூடும். பின்பக்கம் கூரை உயரம் ஒரு அடிக்கு மேல் குறையும், படம் அனுப்புகிறேன். இன்னொரு வழியும் இருக்கிறது: பக்கத்துச் சாமான் அறையின் நடுச்சுவரை எடுத்தால் அதைவிட மிகக் குறைந்த செலவில் குசினி பெரிதாகும், ஆனால் சாமான் அறை இருக்காது. இந்த விலை 14 நாளுக்கு. வெள்ளிக்கிழமைக்குள் எது என்று எழுதி, பாதிக் காசு அனுப்பினால் திங்கள் தொடங்குவோம். பழைய வரைபடப்படியே போவதென்றால் மேலதிகமாக ஒன்றும் இல்லை.”

இதில் ‘முடியாது’ என்ற சொல் எங்குமில்லை, ஆனால் எல்லை இருக்கிறது. விலைக்கு 14 நாள் என்று கெடு வைப்பதற்குக் காரணம், 2022இல் சீமெந்தும் கம்பியும் ஏறிய ஏற்றத்தைப் பார்த்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பாதிக் காசை முதலே கேட்பதுதான் பலருக்குக் கூச்சம். புதுக் கல்லும் மணலும் அந்தக் காசில்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் கூரைக்கென்று வந்த கட்டத்துக் காசைக் குசினியில் புதைத்துவிட்டுக் கூரை நேரம் கைவிரிப்பீர்கள்.

எல்லாருடைய சொல்லையும் கேட்பது

அப்பா காணியில் நின்று “தம்பி, அந்த யன்னலை இஞ்சால வையும், காத்து வரும்” என்பார். மூத்தவருக்கு எதிர்ச்சொல் சொல்ல முடியாமல் மேசன் வைத்துவிடுவார். ஒரு கிழமைக்குப் பிறகு மகன் “யார் வைக்கச் சொன்னது?” என்று கேட்பார். மாற்றத்துக்கு ஓம் சொல்வது யார் என்று வேலை தொடங்கும் நாளிலேயே ஒரு ஆளின் பெயரை எழுதி வாங்கிவிட வேண்டும். அப்பாவிடம், “ஓம் ஐயா, நல்ல யோசனை. தம்பியிட்ட ஒரு சொல் கேட்டிட்டு வைப்பம்” என்று சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே மகனுக்குக் குரல்பதிவு போட்டால் ஐயாவின் முகமும் வாடாது.

அதே நாளில் இன்னொன்றையும் எழுதலாம்: எது எந்தக் கட்டம் வரை செலவில்லாமல் மாறும் என்பது. அறை அளவுகள் அத்திவாரம் வெட்டும் வரை, யன்னல் இடம் கல் அந்த உயரத்துக்கு வரும் வரை, பிளக், சுவிச் இடங்கள் வயறிங் குழாய் பதிக்கும் வரை, ரைல்ஸ் நிறம் ஓடர் கொடுக்கும் வரை. அந்த எல்லைக்குள் கேட்ட சுவிச் மாற்றத்தைச் சும்மா செய்து கொடுத்தாலும் பட்டியலில் “சுவிச் இடமாற்றம் – 0 ரூபா” என்று எழுதி அனுப்புங்கள். எழுதாமல் கொடுத்த இலவசம் யாருக்கும் நினைவிருக்காது.

காசு வாங்கிக்கொண்டும் செய்யக் கூடாத மாற்றம் ஒன்று உண்டு. “பிறகு மாடி எடுப்பம், இப்ப மேல கொங்கிறீற் சிலாப் ஒண்டு போட்டு விடுங்கோவன்.” ஒரு தட்டு வீட்டுக்கென்று போட்ட கருங்கல் அத்திவாரம், தூண் இல்லாத சுவர். அதன்மேல் சிலாப்பும் மாடியும் தாங்குமா என்பதற்குக் கொந்தராத்துக்காரர் விலை சொல்லக் கூடாது. “இதுக்கு நான் விலை சொல்ல ஏலாது அண்ணா. கட்டமைப்புப் பொறியியலாளர் வந்து அத்திவாரத்தைப் பார்த்து வரைபடம் தந்தால், அதன்படி புது எஸ்டிமேட் போடுறன்” என்பதே பதில். பொறியியலாளரின் செலவு வீட்டுக்காரருடையது என்பதையும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள்.